தொங்காத, தொய்யாத காட்டன் கயிறு பை: தட்டையான அடியும் உறுதியான கைப்பிடியும் வச்சு குரோஷே பண்ற முழு வழிகாட்டி

குரோஷேல சந்தைக்குப் போற பை போட்டவங்க கிட்ட கேட்டா பாதிப் பேர் ஒரே குறைதான் சொல்வாங்க, போட்டு முடிச்சப்போ அழகா இருந்துச்சு, நாலு தடவை கனமா எதையாவது தூக்கினதும் கைப்பிடி முழங்கால் வரைக்கும் இறங்கிடுச்சு, அடி தொப்பை மாதிரி தொங்குதுன்னு. உடனே கயிறு சரியில்லன்னு நினைச்சு இன்னும் தடிமனான கயிறு வாங்கி மறுபடி போடுவாங்க, அதுவும் அப்படியே ஆகும், கூடவே பை வெறுமனேவே கனக்கும்.

காரணம் ரொம்ப சிம்பிள். குரோஷே துணிங்கிறது முழுக்க லூப். லூப்ப இழுத்தா நீளும், கயிறு எவ்வளவு உறுதியா இருந்தாலும் சரி, ஏன்னா நீள்றது கயிறு இல்ல, வளைஞ்சு இருக்கிற லூப் நிமிர்ந்து போகுது. அதே கயிற நேரா பிடிச்சு இழுத்துப் பாருங்க, ரொம்ப கொஞ்சம்தான் நீளும். அதனால பைல எங்கெல்லாம் பாரம் விழுதோ அங்கெல்லாம் ஸ்டிட்ச்சுக்குள்ள ஒரு நேர் கயிற வச்சு அது மேலயே பின்னிட்டா பாரத்த அந்த நேர் கயிறு தாங்கிக்கும், லூப் சும்மா அத மூடிக்கிட்டு இருக்கும். அடி, வாய், கைப்பிடி, இந்த மூணு இடத்துல இத பண்ணா போதும், நடுவுல இருக்கிற சுவருக்கு தேவையில்ல. இந்த உள் கயிறுக்கு மொத்தமா 10 மீட்டர்தான் கூடுதலா ஆகும்.

இங்க சொல்ற பை அடி சுமார் 24க்கு 12 செமீ நீள்வட்டம், உயரம் 25 செமீ, சுத்தளவு 63 செமீ கிட்ட வரும்.

கயிறும் ஹூக்கும்

3 எம்எம் பின்னல் காட்டன் கயிறு எடுத்துக்கோங்க, அதாவது வெளிய ஜடை மாதிரி பின்னி உள்ள கோர் இருக்கிற வகை. மேக்ரமேக்கு விக்கிற ஒத்தை முறுக்கு கயிறு வேணாம், ஹூக் ஒவ்வொரு தடவையும் அதோட இழைய பிரிச்சுக்கிட்டே போகும், பை தேய தேய பஞ்சு கிளம்பும். வாங்கும்போது கயிற ரெண்டு விரலால நசுக்கிப் பாருங்க, தட்டையா நாடா மாதிரி ஆயிடுச்சுன்னா உள்ள கோர் இல்ல, அதுல பின்னினா பை மெத்துன்னு இருக்கும், நிக்காது. 4 அல்லது 5 எம்எம் கயிறு பாக்க உறுதியா தெரியும், ஆனா இந்த சைஸ் பைய அதுல நெருக்கமா பின்னினா காலிப் பையே கனமாயிடும், கையும் வலிக்கும். கூடைக்கு அது சரி, தூக்கிட்டு நடக்கிற பைக்கு 3 போதும்.

ஹூக் 5 எம்எம், அலுமினியத்துல ரப்பர் பிடி போட்டது நல்லது. பிளாஸ்டிக் ஹூக் இவ்வளவு டைட்டா பின்றப்போ வளையும், சில சமயம் கழுத்துல உடையும். கூட ஒரு 5.5 எம்எம் ஹூக், ரெண்டு மூணு ஸ்டிட்ச் மார்க்கர், பெரிய கண் ஊசி ஒண்ணு, கயிறு கலர்லயே தையல் நூல், அளவு டேப், ஒட்டுற டேப், அவ்வளவுதான்.

கயிறு எவ்வளவு வேணும்ங்கிறத யாரு சொன்னாலும் நம்பாதீங்க, உங்க கை டைட்ட பொறுத்து மாறும். ஒரு சின்ன துண்டு பின்னுங்க, அதுல கடைசி வரிசைல 20 ஸ்டிட்ச்ச பிரிச்சு அந்த கயிற அளந்து பாருங்க. இந்தப் பைக்கு கைப்பிடி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 4800 ஸ்டிட்ச் வரும். உதாரணத்துக்கு 20 ஸ்டிட்ச்சுக்கு 76 செமீ ஆச்சுன்னா ஒண்ணுக்கு 3.8, அப்போ மொத்தம் 182 மீட்டர், அதோட உள் கயிறு 10 மீட்டர், ஆக 200 மீட்டர் வாங்கினா சரியா இருக்கும். அதே 84 செமீ ஆச்சுன்னா 200 மீட்டர்ல கைப்பிடி போடுறப்போ கயிறு தீர்ந்துடும். ஒரே தடவைல வாங்கிடுங்க, அப்புறம் வாங்கினா கலர் லேசா மாறி நிக்கும்.

அந்தத் துண்டுலயே இன்னொண்ணையும் பாத்துக்கோங்க. 10 செமீக்கு அகலத்துல 14 ஸ்டிட்ச், உயரத்துல 15 வரிசை வந்தா இங்க சொல்ற எண்ணிக்கை அப்படியே பொருந்தும். 12 தான் வருதுன்னா பை பெருசாகும், அது பரவாயில்ல, ஆனா ஸ்டிட்ச் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சுதுன்னா ஹூக்க 4.5க்கு மாத்துங்க.

எந்த ஸ்டிட்ச், எப்படி

பை முழுக்க சிங்கிள் குரோஷேதான். பிரிட்டிஷ் பேட்டர்ன் பாத்து பழகினவங்க இத டபுள் குரோஷேன்னு சொல்வாங்க, குழம்பிக்க வேணாம், ரெண்டு லூப்ப ஒரே தடவைல இழுத்து முடிக்கிற அந்த குட்டை ஸ்டிட்ச்தான்.

ஒரே ஒரு மாத்தம் பண்ணுங்க. சாதாரணமா ஹூக்க ஸ்டிட்ச்சுக்குள்ள விட்டதும் கயிற ஹூக் மேல சுத்தி இழுப்போம். அதுக்கு பதிலா ஹூக்க கயிறுக்கு மேல கொண்டு போய், கயிறு ஹூக்குக்கு அடில இருக்கிற மாதிரி கொக்கி போட்டு இழுங்க, அப்புறம் கடைசியா ரெண்டு லூப்ப முடிக்கிறப்போ மட்டும் வழக்கம்போல சுத்தி இழுங்க. இப்படி போட்டா ஸ்டிட்ச் V வடிவத்துக்கு பதிலா X வடிவத்துல நிக்கும், கொஞ்சம் குட்டையா, டைட்டா இருக்கும், கயிறும் கம்மியா போகும். இதைவிட முக்கியம், ரவுண்டா பின்றப்போ ஸ்டிட்ச் ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டே போற பிரச்சனை இதுல குறையும். முதல் ரெண்டு ரவுண்டு கை பழகாது, அப்புறம் தானா வந்துடும். ஆனா எந்த வகைல ஆரம்பிச்சீங்களோ அதே வகைல முடிங்க, பாதில மாத்தினா பை சுத்தளவு மாறிடும்.

அடி

20 செயின் போடுங்க, ரொம்ப டைட்டா வேணாம், ரெண்டு பக்கமும் அதுல பின்னணும். ஹூக்ல இருந்து ரெண்டாவது செயின்ல ஆரம்பிச்சு 18 சிங்கிள், கடைசி செயின்ல 3 சிங்கிள் ஒரே இடத்துல, இப்போ திருப்பாம அப்படியே செயினோட அந்தப் பக்கத்துக்கு வளைஞ்சு வந்து 17 சிங்கிள், ஆரம்பிச்ச இடத்துல 2 சிங்கிள். எண்ணினா 40 இருக்கணும். ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு ரவுண்ட மூடாதீங்க, மார்க்கர் மாட்டிட்டு சுருள் மாதிரி போய்க்கிட்டே இருங்க.

ரெண்டாவது ரவுண்டுல இருந்து உள் கயிறு வரும். தனியா 4.5 மீட்டர் வெட்டி எடுத்து வச்சுக்கோங்க, அதோட ஒரு முனைய 10 செமீ விட்டுட்டு, பின்னப் போற ஸ்டிட்ச்சுகளோட தலை மேல படுக்க வைங்க. ஹூக் ஸ்டிட்ச்சுக்குள்ள போய் கயிற எடுத்துட்டு வரும்போது இந்த படுத்திருக்கிற கயிறும் உள்ள மாட்டிக்கும், அவ்வளவுதான், தனியா எதுவும் பண்ண வேண்டாம். ரெண்டு மூணு ரவுண்டு போனதும் அடிய கைல பிடிச்சுப் பாத்தா அட்டை மாதிரி விறைப்பா இருக்கிறது தெரியும்.

இன்க்ரீஸ் கணக்கு இப்படி. நேர் பக்கம் ரெண்டுலயும் எப்பவும் 17 சிங்கிள்தான், அத தொடவே மாட்டோம். வளைவுல மட்டும் ஒரு முனைக்கு 3 வீதம் ஒரு ரவுண்டுக்கு 6 ஸ்டிட்ச் கூடும். ரெண்டாவது ரவுண்டு: ஒரு இன்க்ரீஸ், 17 சிங்கிள், மூணு இன்க்ரீஸ், 17 சிங்கிள், ரெண்டு இன்க்ரீஸ், மொத்தம் 46. மூணாவது ரவுண்டுல ஒவ்வொரு இன்க்ரீஸுக்கும் முன்னாடி ஒரு சிங்கிள் சேரும், மொத்தம் 52. நாலாவதுல ரெண்டு சிங்கிள், 58. இப்படியே ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரு சிங்கிள் கூடிக்கிட்டே போய் ஒன்பதாவது ரவுண்டு முடியும்போது 88 இருக்கணும்.

எல்லா ரவுண்டுலயும் இன்க்ரீஸ் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி விழுந்தா வளைவு வளைவாவே இருக்காது, மூணு மூலையா தெரிய ஆரம்பிக்கும். அதனால ஒரு ரவுண்டு விட்டு ஒரு ரவுண்டு இன்க்ரீஸ முதல்ல போட்டு சிங்கிள்கள அதுக்கு அப்புறம் போடுங்க, எண்ணிக்கை மாறாது, மூலை மட்டும் மறைஞ்சுடும். ரவுண்டு ஏற ஏற ஸ்டிட்ச் சாய்றதால வளைவு லேசா ஒரு பக்கம் நகர்ந்தா கண்ணால பாத்து இன்க்ரீஸ் கூட்டத்த ஒரு ஸ்டிட்ச் தள்ளிக்கோங்க, மொத்தம் சரியா இருந்தா போதும்.

ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சதும் அடிய மேஜை மேல வச்சுப் பாருங்க, இது சோம்பேறித்தனம் பாக்கக் கூடாத இடம். ஓரம் மேல எழும்பி கிண்ணம் மாதிரி ஆகுதுன்னா முதல்ல உள் கயிறத்தான் சந்தேகப்படணும், ஸ்டிட்ச்ச விட்டுட்டு அதைத்தான் நிறைய பேர் இழுத்துடுறாங்க. அடிய மேஜைல தட்டையா அழுத்தி வச்சுக்கிட்டு உள் கயிற கொஞ்சம் உள்ள தளர்த்தி விடுங்க, பாதி நேரம் அப்பவே படுத்துடும். அப்பவும் கிண்ணமா நின்னா இன்க்ரீஸ் எங்கேயோ விட்டுப் போயிருக்கு, எண்ணிப் பாருங்க. எண்ணிக்கையும் சரின்னா கை டைட்டு, ஹூக்க 5.5 ஆக்குங்க.

ஓரம் அலை அலையா நெளியுதுன்னா நேர் எதிர் பிரச்சனை, ஸ்டிட்ச் அதிகம். X ஸ்டிட்ச் ரொம்ப குட்டையா விழுறவங்களுக்கு ஆறு இன்க்ரீஸே கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கும். பிரிக்க வேணாம், அடுத்த ரவுண்ட இன்க்ரீஸ் இல்லாம ஒண்ணு போட்டா நெளிவு உள்வாங்கிடும், அப்புறம் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். லேசான நெளிவா கிண்ணமான்னா நெளிவே மேல், ஏன்னா சுவர் ஏறினதும் அது இழுபட்டு சரியாயிடும், கிண்ணம் கடைசி வரைக்கும் கிண்ணம்தான், பை ஆடிக்கிட்டே நிக்கும்.

ஒன்பது ரவுண்டு முடிஞ்சதும் உள் கயிற வெட்டி முனைய ஸ்டிட்ச்சுக்கு அடில ஒளிச்சுடுங்க.

அடி முடிஞ்சு சுவர் ஏறுற இடம்

பத்தாவது ரவுண்டுல இன்க்ரீஸ் கிடையாது, 88 சிங்கிள், ஆனா ஒவ்வொரு ஸ்டிட்ச்சுலயும் பின் லூப்ல மட்டும் ஹூக்க விடுங்க. இதனால வெளிப்பக்கம் முன் லூப் ஒரு கோடு மாதிரி மிஞ்சி நிக்கும், துணி அந்த கோட்டுல கூர்மையா மடங்கும். இது இல்லாம இன்க்ரீஸ மட்டும் நிறுத்தினா அடி மெதுவா உருண்டு சுவராகும், பாத்திரம் மாதிரி, அப்போ தட்டையா போட்ட அடில பாதி வளைவுல போயிடும்.

சுவர் ரெண்டு மூணு ரவுண்டு ஏறினதும் எந்தப் பக்கம் வெளிய இருக்குன்னு பாருங்க. X தெளிவா வரிசையா தெரியுற பக்கம்தான் நல்ல பக்கம், அது வெளிய இருக்கணும். பல நேரம் பை தானா உள்பக்கமா சுருண்டு நிக்கும், அத அப்படியே வெளிய திருப்பி விட்டுடுங்க, இப்போ திருப்புறது ஈஸி, பத்து ரவுண்டு ஆனா விறைச்சுக்கும்.

இப்போ அந்த மிஞ்சி நின்ன முன் லூப் கோட்டுக்கு வாங்க. அடி மேல பாக்குற மாதிரி பைய கவுத்துப் பிடிச்சு, புது கயிறு சேர்த்து, அந்த 88 முன் லூப்லயும் ஸ்லிப் ஸ்டிட்ச் ஒரு சுத்து போடுங்க. ரெண்டு வேலை இதுல நடக்குது. பின் லூப்ல மட்டும் பின்னினதால அந்த வரிசை ஒத்தை இழைலதான் தொங்கிக்கிட்டு இருக்கும், இந்த சுத்து அதுக்கு துணையா நிக்கும். அப்புறம் பைய எங்க வச்சாலும் தரைல உரசுறது இந்த விளிம்புதான், தேஞ்சா இது மட்டும் தேயும், பிரிச்சுட்டு வேற போட்டுக்கலாம். இத 5.5 ஹூக்ல தளர்வா போடணும், ஸ்லிப் ஸ்டிட்ச் கொஞ்சம் டைட்டானாலும் கழுத்துல சுருக்கு போட்ட மாதிரி விளிம்ப இறுக்கி, தட்டையா இருந்த அடிய மறுபடி கிண்ணமாக்கிடும்.

சுவர்

இதுல சொல்ல பெருசா ஒண்ணுமில்ல, 88 சிங்கிள் சுத்தி சுத்தி போய்க்கிட்டே இருக்கணும். பின் லூப் ரவுண்டையும் சேர்த்து 35 ரவுண்டு. மார்க்கர ஒவ்வொரு ரவுண்டும் மாத்துங்க, அஞ்சு ரவுண்டுக்கு ஒரு தடவை 88 இருக்கான்னு எண்ணுங்க, 86 ஆச்சுன்னா பை மேல போகப் போக குறுகும், கண்ணுக்கு லேட்டாத்தான் தெரியும்.

சில பேர் சுவர வலை மாதிரி ஓட்டை விட்டு பின்னலாமான்னு கேப்பாங்க. பின்னலாம், கனமும் கயிறும் குறையும், ஆனா வலை பாரம் விழுந்தா கீழ நோக்கி நல்லாவே நீளும், தட்டை அடிக்கு அர்த்தம் இருக்காது. நிக்கிற பை வேணும்னா நெருக்கமாத்தான் பின்னணும்.

கயிறு தீர்ந்து புதுசு சேர்க்கும்போது முடிச்சு போடாதீங்க, பழைய முனையையும் புது முனையையும் பத்து ஸ்டிட்ச்சுக்கு உள் கயிறு மாதிரியே படுக்க வச்சு மேல பின்னிடுங்க. முனை பிரியாம இருக்க வெட்டுறதுக்கு முன்னாடி ஒட்டுற டேப் சுத்தி நடுவுல வெட்டலாம். லைட்டர்ல சுடுறது நைலான் கயிறுக்கு சரி, பருத்தி உருகாது, கருகி உதிரும்.

சுவரோட 36, 37, 38 ஆவது ரவுண்டு வாய் பகுதி. 2.2 மீட்டர் கயிறு வெட்டி மறுபடி உள் கயிறு மாதிரி வச்சு இந்த மூணு ரவுண்டையும் பின்னுங்க. பைய அடிக்கடி ஒரே பக்கமா இழுத்துத் திறக்குறோம், வாய் தொளதொளன்னு ஆகாம இதுதான் காப்பாத்தும்.

கைப்பிடி

தனியா ஒரு பட்டை பின்னி ரெண்டு முனையையும் தைக்கிறது ஈஸியா தெரியும், ஆனா தையல்தான் முதல்ல விட்டுப் போற இடம். அதனால வாய் ரவுண்ட தொடர்ந்தே கைப்பிடி வரணும், உள் கயிறும் வாய்ல இருந்து கைப்பிடிக்கு போய் திரும்ப வாய்க்கு வந்து அடுத்த கைப்பிடிக்குன்னு அறுபடாம ஓடணும்.

முதல்ல இடம் குறிக்கணும். ஆரம்ப மார்க்கர நம்பி எண்ணாதீங்க, ஸ்டிட்ச் சாஞ்சு சாஞ்சு அது இந்நேரம் எங்கேயோ நகர்ந்திருக்கும் (வலது கை பழக்கம் உள்ளவங்களுக்கு வலது பக்கமா, இடது கைக்காரங்களுக்கு இடது பக்கமா). பைய அடியோட நீள பக்கம் முன்னாடி தெரியுற மாதிரி தட்டையா மடிச்சு வைங்க, ரெண்டு ஓரத்துலயும் மடிப்பு விழுற ஸ்டிட்ச்சுல மார்க்கர் போடுங்க, ரெண்டுக்கும் நடுவுல 44, 44 இருக்கணும். இப்போ பின்னிக்கிட்டு இருக்கிற இடத்துல இருந்து ஒரு மடிப்பு மார்க்கர் வரைக்கும் சும்மா சிங்கிள் போட்டு வந்து சேருங்க, இதுதான் புது ஆரம்பம்.

அங்கிருந்து 12 சிங்கிள், 70 செயின், 20 ஸ்டிட்ச் தாண்டி அடுத்ததுல இறங்கி 24 சிங்கிள், 70 செயின், மறுபடி 20 தாண்டி 12 சிங்கிள். 70 செயினுக்கு கைப்பிடி 50 செமீ வரும், கைல தூக்கவும் முழங்கைல மாட்டவும் சரியா இருக்கும். தோள்ல மாட்டணும்னா 90 போடுங்க. செயின் முறுக்கிக்காம இருக்கான்னு ஒவ்வொரு கைப்பிடிக்கும் பாத்துட்டு இறங்குங்க.

அடுத்த சுத்துக்கு 3.2 மீட்டர் உள் கயிறு எடுங்க (90 செயின்னா 4 மீட்டர்). முன்னாடி 20 செமீ வால் விட்டுட்டு அது மேல பின்னிக்கிட்டே போங்க: 12 சிங்கிள், செயின்ல 70 சிங்கிள், 24, 70, 12. செயின்ல பின்றப்போ மேல் இழைல மட்டும் ஹூக்க விடுங்க, அடி இழை அப்புறம் வேணும். சுத்து முடிஞ்சதும் உள் கயிற வெட்டாம அப்படியே அடுத்த சுத்துக்கும் கொண்டு போய் இன்னொரு தடவை 188 ஸ்டிட்ச்சும் போடுங்க. இப்போ கைப்பிடி ஒவ்வொண்ணுலயும் ரெண்டு நேர் கயிறு ஓடுது, ரெண்டும் ஒரே கயிறு.

இப்போ இந்த பையோட உசிர் இருக்கிற வேலை. கைப்பிடிய நடுவுல பிடிச்சு தூக்கி, இன்னொரு கையால பை வாய கீழ இழுங்க. பாரம் உள் கயிறுல விழணும்னா அது மேல இருக்கிற பின்னலவிட ஒரு நூல் குட்டையா இருக்கணும். வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற வால மெதுவா இழுங்க, பின்னல் லேசா சுருங்க ஆரம்பிக்கிறது தெரியும், அந்த இடத்துல நிறுத்தி சுருக்கம் மறையுற அளவுக்கு மட்டும் விடுங்க. ஒரே பக்கத்துல இருந்து இழுத்தா தூரத்து கைப்பிடிக்கு போய் சேராது, விரலால பின்னல நீவி நீவி தள்ளணும். அப்புறம் ரெண்டு கைப்பிடியையும் ஒரு ஆணில மாட்டிப் பாருங்க, ஒரு பக்கம் தாழ்ந்தா அந்தப் பக்க உள் கயிறு தளர்வா இருக்கு, கொஞ்சம் அந்தப் பக்கத்துல இருந்து இழுத்து வாங்குங்க. சரியானதும் ரெண்டு வாலையும் ஊசில கோத்து, கைப்பிடிக்கு வெளிய, அந்த 24 ஸ்டிட்ச் பகுதிக்குள்ள எதிரெதிர் திசைல ஆளுக்கு 12 ஸ்டிட்ச் ஓட்டி, தையல் நூலால பின்னலோட சேர்த்து அஞ்சாறு தையல் குத்துங்க. வால் முனை கைப்பிடிக்குள்ள போய் முடியக் கூடாது, பாரம் இழுக்கிறப்போ வழுக்கி உள்ள போயிடும்.

அடுத்து கைப்பிடியோட உள் ஓரம். தாண்டி விட்ட 20 ஸ்டிட்ச் நடுவுல புது கயிறு சேர்த்து, அந்த 20லயும், செயினோட அடி இழை 70லயும் சிங்கிள் ஒரு சுத்து. வாயும் கைப்பிடியும் சேர்ற ரெண்டு மூலைலயும் ரெண்டு ஸ்டிட்ச்ச ஒண்ணா சேர்த்து போடுங்க, இல்லன்னா அங்க ஒரு ஓட்டை விழும், கைப்பிடி இழுபட இழுபட அந்த ஓட்டைதான் பெருசாகும். மத்த கைப்பிடிக்கும் இதே.

கடைசியா பிடிக்கிற இடம். கைப்பிடி இப்போ தட்டை பட்டையா இருக்கும், பாரம் தூக்கினா ஓரம் கைய அறுக்கும். நடு 40 ஸ்டிட்ச்ச மட்டும் நீளவாக்குல மடிச்சு, ரெண்டு ஓரத்தையும் சேர்த்து ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு குழாய் மாதிரி மூடுங்க. மூடிக்கிட்டு போறப்பவே உள்ள மிச்சக் கயிறுல 28 செமீ துண்டு ஒண்ணோ ரெண்டோ வச்சுட்டா பிடிக்க உருண்டையா, கெட்டியா இருக்கும். அந்த ஸ்லிப் ஸ்டிட்ச் வரிசை உள்ளங்கைல படாம மேல் பக்கமா நிக்கிற மாதிரி பாத்துக்கோங்க, குத்தும். ரெண்டு முனைலயும் 15 ஸ்டிட்ச் விரிஞ்சே இருக்கட்டும், அப்போதான் பாரம் வாய்ல பரவி இறங்கும், ஒரே புள்ளில விழாது.

பாரம் வச்சுப் பாக்கிறது

வெளிய எடுத்துட்டு போறதுக்கு முன்னாடி கைப்பிடி நீளம், வாய் சுத்தளவு, பை உயரம் மூணையும் அளந்து குறிச்சுக்கோங்க. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் அஞ்சு உள்ள வச்சா 5 கிலோ ஆச்சு, ராத்திரி முழுக்க தொங்கவிட்டு காலைல மறுபடி அளங்க. உயரம் கொஞ்சம் கூடியிருக்கும், அது சுவர், உள் கயிறு இல்லாத இடம், அத பத்தி கவலைப்பட வேண்டாம். கைப்பிடி தெளிவா நீண்டிருந்தா உள் கயிறு தளர்வா இருந்திருக்கு, அந்த தையல் நூல பிரிச்சு வால இன்னும் கொஞ்சம் இழுத்து மறுபடி தைங்க, கைப்பிடிய பிரிக்கத் தேவையில்ல. அடி நடுவுல மட்டும் தொங்குதுன்னா அடில உள் கயிறு ரொம்ப தளர்ந்து படுத்திருக்கு, அத இப்போ சரி பண்ண முடியாது, அளவா ஒரு அட்டையோ மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டோ வெட்டி உள்ள போட்டுக்கலாம்.

துவைக்கிறப்போ கலர் கயிறுன்னா முதல்ல ஈர வெள்ளைத் துணியால தேச்சு சாயம் வருதான்னு பாருங்க. பச்சைத் தண்ணில கையால அலசி, முறுக்காம ஒரு துண்டுக்குள்ள சுருட்டி அழுத்தி தண்ணிய எடுத்துடுங்க. கைப்பிடில மாட்டி காயப் போடாதீங்க, தண்ணி ஊறின பருத்தி அதோட கனத்துலயே சுவர இழுத்துடும். உள்ள பழைய துணி திணிச்சு, அடி தரைல படுற மாதிரி நிக்க வச்சு காய விடுங்க, காஞ்சதும் துணிய எடுத்துட்டா அதே வடிவத்துல நிக்கும்.